பக்கம் கைமாறும்போது: பேஸ்புக் வணிகப் பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் ஒப்படைக்கும் முறை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு அருகே கேட்டி என்ற ஊரில், டாக்டிகல் ஃபயர்ஆர்ம்ஸ் என்றொரு துப்பாக்கிக் கடை இருந்தது. கடையை நடத்திய நிறுவனம் திவாலாகி, நீதிமன்றத்தின் மறுசீரமைப்புத் திட்டப்படி வேறொருவர் கைக்குப் போனது. கடை போனாலும் அதன் பேஸ்புக் பக்கத்தைப் பழைய உரிமையாளர் விடவில்லை. பக்கத்துக்கு இருந்த கடையின் பெயரை எடுத்துவிட்டுத் தன் சொந்தப் பெயரை வைத்துக்கொண்டார். அது தன் பேஸ்புக் ஐடியிலிருந்து தான் தொடங்கிய பக்கம், தன் குடும்பப் படங்களும் அரசியல் கருத்துகளும் அதில் இருக்கின்றன, ஆகவே அது தனக்கே சொந்தம் என்று வாதாடினார்.

2015 ஏப்ரலில் திவால் நீதிமன்ற நீதிபதி ஜெஃப் போம் அதை ஏற்கவில்லை. பக்கம் கடையின் பெயரில் தொடங்கப்பட்டது. கடையின் இணையதளத்திலிருந்து அதற்கு இணைப்பு இருந்தது. கடை ஊழியர் ஒருவருக்கும் அதில் பதிவிடும் அனுமதி தரப்பட்டிருந்தது. எனவே அது கடையின் சொத்து என்றும், புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. பழைய உரிமையாளர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஏறத்தாழ ஏழு வாரம் சிறையில் இருந்தார்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பக்கம் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் முடிவு செய்த பிறகும், அதைத் திறக்க அந்த ஒரு மனிதரின் கை வேண்டியிருந்தது. பேஸ்புக் பார்ப்பது கடையின் பத்திரத்தை அல்ல, எந்த ஐடிக்கு முழு அதிகாரம் இருக்கிறது என்பதை மட்டும்தான். ஆகவே உரிமையாளர் விலகும் முன்பே, அவர் உள்ளே இருக்கும்போதே, அதிகாரம் கைமாறிவிட வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பாஸ்வேர்டைக் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது

நம் ஊர்களில் பெரும்பாலான சிறு கடைகளின் பக்கங்கள் இரண்டு விதத்தில் பிறக்கின்றன. முதலாளி தன் சொந்த ஐடியிலிருந்து தொடங்கியிருப்பார். அல்லது கடையின் பெயரிலேயே ஓர் ஆள் இருப்பதுபோல ஒரு ஐடி உருவாக்கி, அதிலிருந்து தொடங்கியிருப்பார். இரண்டாவது வகைக்காரர்கள் கடை கைமாறும்போது ஐடியையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

வேலை முடிவதில்லை. தனிநபர் கணக்கை இன்னொருவருக்கு மாற்றித் தருவதையும் பாஸ்வேர்டைப் பகிர்வதையும் பேஸ்புக்கின் விதிமுறைகள் தடை செய்கின்றன. விதியை விடுங்கள், நடைமுறையிலேயே இது நிற்காது. புதியவர் வேறு ஊரில் வேறு போனில் அந்த ஐடியைத் திறந்ததும் பேஸ்புக்குக்குச் சந்தேகம் வருகிறது. சரிபார்ப்பு எண்ணை அனுப்புகிறது. அந்த எண் போவது பழையவரின் கைபேசிக்கு. அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால், ஐடியில் இருப்பது கடையின் பெயர், அட்டையில் இருப்பது மனிதரின் பெயர். ஐடி முடங்கினால் அதை மட்டுமே நம்பி நின்ற பக்கமும் அணுக முடியாமல் போகும்.

சரியான வழி வேறு. ஒப்படைக்க வேண்டியது மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே தெரிவது பக்கம். அதற்குப் பின்னால் பணம் செலவாகும் விளம்பரக் கணக்கு. இந்த இரண்டையும் வைத்துக்கொள்ளும் நிறுவனக் கணக்கை மெட்டா நிறுவனம் இப்போது `Business portfolio` என்கிறது. பழைய ஆட்கள் இன்னமும் பிசினஸ் மேனேஜர் என்றே சொல்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் யார் பெயர் இருக்கிறதோ அவரே அந்த அடுக்குக்கு உரிமையாளர். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறாது. ஒப்படைப்புத் தகராறுகள் பலவும், பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் மறந்ததில் தொடங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: சென்னிமலைப் போர்வைக் கடை

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னிமலையில் கைத்தறிப் போர்வை விற்கும் கடை. அண்ணன் பெயரில் தனியுரிமையாக நடக்கிறது. அவர் குடும்பத்தோடு கனடா போகிறார்; ஏப்ரல் 1 முதல் தங்கை கடையை ஏற்கிறார். பக்கத்தை அண்ணன் தன் சொந்த ஐடியிலிருந்து தொடங்கியிருக்கிறார். தினமும் 500 ரூபாய்க்கு விளம்பரம் ஓடுகிறது. அதற்கான பணம் அண்ணனின் கிரெடிட் கார்டிலிருந்து போகிறது. போர்ட்ஃபோலியோ என்று எதுவும் கிடையாது.

வேலையை மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவில் இதைச் செய்து முடித்துவிடலாம் என்பது தப்புக்கணக்கு. சில படிகளில் பேஸ்புக்கே காக்க வைக்கும்.

முதல் படி, தங்கையைப் பக்கத்துக்குள் கொண்டுவருவது. அண்ணன் தன் ஐடியிலிருந்து பக்கத்துக்கு மாறி, `Settings` போய், `Page setup` பகுதியில் `Page access` என்பதைத் திறக்கிறார். அங்கே இரண்டு வகை அனுமதி தெரியும். `People with Facebook access` என்பது பக்கத்துக்குள்ளேயே வந்து வேலை செய்கிறவர்களுக்கு. `People with task access` என்பது விளம்பரம் போடுவது, செய்திகளுக்குப் பதில் சொல்வது போன்ற குறிப்பிட்ட வேலைகளை மட்டும் செய்கிறவர்களுக்கு. தங்கையை முதல் வகையில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது, முழு அதிகாரம் தருவதா என்று கேட்கும் பொத்தான் ஒன்று கீழே இருக்கும். தானாக அது அணைந்தே இருக்கும். அதை இயக்காமல் விட்டால் தங்கை பதிவிடலாம், விளம்பரம் போடலாம், ஆனால் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. இரண்டு மாதம் கழித்து, அண்ணனின் ஐடி முடங்கும்போதுதான் இந்தக் குறை வெளியே தெரியும்.

அண்ணன் பாஸ்வேர்ட் கொடுத்து உறுதி செய்ததும் தங்கைக்கு அழைப்பு போகும். 30 நாளுக்குள் அவர் அதை ஏற்க வேண்டும்; இல்லாவிட்டால் காலாவதியாகும். அழைப்பு அறிவிப்புகளோடு அறிவிப்பாகப் புதைந்து போவது வழக்கம். அனுப்பியாயிற்று என்பதோடு நிற்காமல், தங்கையின் பெயர் பட்டியலில் முழு அதிகாரத்தோடு தெரிகிறதா என்று அண்ணன் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

முழு அதிகாரம் பெற்ற ஒருவர் பக்கத்தைத் தொடங்கியவரையே நீக்கிவிட முடியும். பக்கத்தைத் தொடங்கியவர் என்பதற்காக யாருக்கும் தனிச் சலுகை இல்லை. அதனால்தான், புதிதாக வந்தவர் உடனே பழையவரை நீக்கிவிடாதபடி பேஸ்புக் சில நாள் தடுத்து வைப்பதுண்டு. ஒரு வாரம் வரை காத்திருக்க நேரலாம். பத்திரமே இல்லாமல் நம்பிக்கையின்பேரில் வேலையாளுக்கு முழு அதிகாரம் கொடுத்திருக்கும் கடைக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

போர்ட்ஃபோலியோவைத் தங்கை தொடங்குவதே நல்லது

அடுத்தது, கடைக்கென ஒரு போர்ட்ஃபோலியோ. இதை அண்ணன் தொடங்கித் தங்கையைச் சேர்ப்பதைவிட, தங்கையே `business.facebook.com` போய்க் கடையின் பெயரில், கடையின் மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தொடங்குவது மேல். பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் முதல் நாளிலிருந்தே இனி நடத்தப்போகிறவருடையதாக இருக்கும். பின்னால் மெட்டா நிறுவனம் கடையின் ஆவணங்களைக் கேட்டுச் சரிபார்க்கும்போது, பெயர் பொருந்தவில்லை என்ற சிக்கல் வராது.

பிறகு அமைப்புகளில் பக்கங்கள் என்ற இடத்துக்குப் போய், கடையின் பக்கத்தைத் தன் போர்ட்ஃபோலியோவுக்கு உரியதாகச் சேர்க்கிறார். பக்கத்தில் அவருக்கு ஏற்கெனவே முழு அதிகாரம் இருப்பதால் தடை இருக்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு போர்ட்ஃபோலியோ மட்டுமே உரிமையாளராக இருக்க முடியும். அது ஏற்கெனவே வேறொன்றில் இருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இனி விளம்பரக் கணக்கு. இங்கேதான் நிதானம் தேவை. அண்ணனின் ஐடியோடு ஒட்டியிருக்கும் விளம்பரக் கணக்கின் எண்ணைக் கொடுத்து, அதைப் போர்ட்ஃபோலியோவின் சொந்தமாக ஆக்கும் கோரிக்கையைத் தங்கை அனுப்ப வேண்டும். அண்ணன் அதை ஏற்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு பின்வாங்க வழியே இல்லை. ஒரு போர்ட்ஃபோலியோவுக்குச் சொந்தமாகிவிட்ட விளம்பரக் கணக்கை அதிலிருந்து வெளியே எடுக்கவோ வேறொன்றுக்கு மாற்றவோ முடியாது. மூடத்தான் முடியும். அதே கணக்கில் அண்ணன் தன் வேறு தொழிலுக்கும் விளம்பரம் போட்டிருந்தால், அந்த வரலாறும் தங்கையோடு போய்விடும். ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் அண்ணன் தன் பழைய விளம்பர அறிக்கைகளையும் ரசீதுகளையும் தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பழைய கணக்கையே ஏன் கொண்டுவர வேண்டும், புதிதாக ஒன்று தொடங்கிவிடலாமே என்று தோன்றும். தொடங்கலாம். ஆனால் புதிய கணக்குகளுக்கு மெட்டா நிறுவனம் ஆரம்பத்தில் சிறிய தினசரிச் செலவு வரம்பை வைக்கிறது. ஒழுங்காகப் பணம் கட்டி வரவர அது உயர்கிறது. எந்த விளம்பரம் யாரிடம் எடுபட்டது என்ற பழைய கணக்குவழக்கும் புதியதில் இருக்காது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் புதிய கணக்கோடு நிற்கும் கடைக்கு இந்த இரண்டும் பெரிய இழப்பு. பழைய கணக்கு சுத்தமாக இருந்தால் அதைக் கொண்டுவருவதே லாபம். விதிமீறலுக்காகப் பலமுறை விளம்பரம் நிராகரிக்கப்பட்ட கணக்கென்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு, பண்டிகைக்கு மூன்று நான்கு மாதம் முன்பே புதிதாகத் தொடங்குவது நல்லது.

கார்டும் ஜிஎஸ்டி எண்ணும்

கணக்கு கைமாறியதால் அதிலுள்ள கார்டு மாறிவிட்டதாக நினைக்கக் கூடாது. யார் செலவழிக்கிறார்கள் என்பதும் யார் பணம் கட்டுகிறார்கள் என்பதும் தனித்தனி. கவனிக்காவிட்டால் தங்கையின் போர்வை விளம்பரத்துக்கு அண்ணனின் கார்டு மாதக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருக்கும். உறவு நன்றாக இருந்தாலே இது மனக்கசப்பில் முடியும். பிரிந்துபோகும் பங்குதாரர்கள் என்றால் சொல்லவே வேண்டாம்.

விளம்பரச் செலவு இரண்டு முறையில் வசூலாகிறது. ஒன்று, முன்கூட்டியே பணம் போட்டுவைத்து அதிலிருந்து கழிப்பது. மற்றது, விளம்பரம் ஓடிய பின், செலவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் அல்லது மாத பில் தேதி வந்ததும் கார்டில் எடுத்துக்கொள்வது. நம் எடுத்துக்காட்டில் இரண்டாவது முறை. மார்ச் 31 மாலை 3,240 ரூபாய் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கி இருக்கும் வரை, அதற்குப் பொறுப்பான கார்டை நீக்க விடாது. அண்ணன் அன்று விளம்பரங்களை நிறுத்திவைத்து, பாக்கியைத் தானே கட்டி முடிக்கிறார். பிறகு தங்கை தன் கார்டைச் சேர்த்து, அதை முதன்மையாக்குகிறார். அது ஏற்கப்பட்டுவிட்டது என்று தெரிந்த பிறகே அண்ணனின் கார்டை நீக்க வேண்டும். முன்பணம் போடும் கணக்காக இருந்தால், மீதியைத் திருப்பிக் கேட்டு அலைவதைவிட ஒப்படைக்கும் நாளுக்குள் விளம்பரத்தில் செலவழித்துத் தீர்ப்பது எளிது.

தங்கையின் கார்டு ஏன் வேண்டும், அண்ணன் கார்டே இருக்கட்டும், மாதாமாதம் அனுப்பிவிடலாம் என்று சிலர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் இதைக் கடினமாக்கிவிட்டது. கார்டில் தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் தொகைக்கு முன்அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி, கனடாவில் இருப்பவரின் இந்திய சிம்முக்கு வரும். அந்த சிம் அநேகமாக ஒரு டிராயரில் கிடக்கும். பணம் எடுக்க முடியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

அடுத்தது வரி. விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கடை ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ரசீதில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். எண் எங்கிருந்து வருகிறது என்றால், விளம்பரக் கணக்கின் கட்டணப் பகுதியில் கொடுத்திருக்கும் நிறுவன விவரங்களிலிருந்து. தனியுரிமைக் கடையில் ஜிஎஸ்டி எண் உரிமையாளரின் பான் எண்ணை உள்ளடக்கியது. 15 எழுத்துகளில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இருப்பது பான் தான். ஆகவே அண்ணனுடைய எண்ணைத் தங்கை பயன்படுத்த முடியாது. அவர் புதிதாகப் பதிவு செய்து, ஏப்ரல் 1 அன்று விளம்பரம் மீண்டும் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பெயர், முகவரி, எண் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். மாற்றம் இனி வரும் ரசீதுகளுக்குத்தான் என்று எண்ணிச் செயல்படுவதே பாதுகாப்பு. ஏப்ரல் முழுவதும் அண்ணனின் எண்ணில் ரசீது வந்தால், அந்த வரி தங்கையின் கணக்கில் சேராது.

பங்குதாரர் நிறுவனமாக இருந்து ஒரு பங்குதாரர் மட்டும் விலகுகிறார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பான் எண் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், நிறுவனம் தொடரும் வரை ஜிஎஸ்டி எண்ணும் தொடரும்; கார்டை மட்டும் மாற்றினால் போதும்.

நீல நிறச் சரிபார்ப்புக் குறிக்காக மாதச் சந்தா கட்டும் பக்கங்களும் இப்போது உண்டு. சந்தாவைப் போனிலிருந்து ஆப் ஸ்டோர் வழியாகவோ பிளே ஸ்டோர் வழியாகவோ எடுத்திருந்தால், அது அந்தப் போனின் உரிமையாளருடைய ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் நிற்கும். அதை அவரே ரத்து செய்து, புதியவர் தன் பெயரில் எடுக்க வேண்டும்.

விலகுகிறவரை நீக்கும் முன்

தங்கை தன் சொந்த லேப்டாப்பில், தன் ஐடியில் நுழைந்து எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஒரு பதிவு போட்டு நீக்குவது, 100 ரூபாய்க்கு ஒரு விளம்பரம் ஓட்டிப் பார்ப்பது, கட்டணப் பகுதியைத் திறந்து தன் கார்டும் தன் ஜிஎஸ்டி எண்ணும் தெரிகின்றனவா என்று பார்ப்பது, இன்னொருவரை அட்மினாகச் சேர்க்க முடிகிறதா என்று சோதிப்பது. அண்ணனின் லேப்டாப்பில் இதைச் செய்து பார்த்தால் பொருளில்லை. அங்கே வேலை செய்வது அண்ணனின் அதிகாரமாக இருக்கும்.

இன்ஸ்டாகிராமில் ஒரு கண்ணி இருக்கிறது. அது பக்கத்தோடு இணைக்கப்பட்டு, போர்ட்ஃபோலியோவுக்குள்ளும் வந்திருக்கலாம். ஆனாலும் அதற்கென்று தனி பாஸ்வேர்ட், தனி மீட்பு மின்னஞ்சல், தனி கைபேசி எண் உண்டு. இவை அண்ணனுடையவையாக இருந்தால், பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று ஒரு பொத்தானை அழுத்தி அவரோ, அவருடைய மின்னஞ்சலைத் திருடியவரோ உள்ளே வந்துவிடலாம். அதோடு, அண்ணனின் தனிப்பட்ட பேஸ்புக்கும் கடையின் இன்ஸ்டாகிராமும் ஒரே `Accounts Centre` பட்டியலில் சேர்ந்திருந்தால், ஒன்றில் நுழைந்தவர் மற்றொன்றுக்கும் எளிதாகப் போக வழியிருக்கும். கடைக் கணக்கை அண்ணனின் பட்டியலிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு, பிறகு மின்னஞ்சல், எண், பாஸ்வேர்ட், இருபடிச் சரிபார்ப்பு என்ற வரிசையில் மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப் எண்ணையும் பலர் மறக்கிறார்கள். பக்கத்திலுள்ள பொத்தானும் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களும் பழைய எண்ணுக்கே வாடிக்கையாளரை அனுப்பிக்கொண்டிருந்தால், போர்வை கேட்டு வரும் செய்திகள் கனடாவில் இருப்பவரின் கைபேசியில் போய்க் குவியும். எண் கடையினுடையது என்றால், சிம்மின் பதிவையே தங்கையின் பெயருக்கு மாற்ற வேண்டும். சிம்மை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், என்றைக்காவது சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்க அண்ணனே நேரில் வர வேண்டியிருக்கும்.

இத்தனையும் சரியான பிறகே அண்ணனைப் பக்கத்திலிருந்தும் விளம்பரக் கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும். அதற்கு முன் இரண்டாவதாக ஒருவருக்கு, கணவரோ நம்பிக்கையான உறவினரோ, போர்ட்ஃபோலியோவில் முழு அதிகாரம் தந்துவிட வேண்டும். தங்கையின் ஐடி நாளைக்குத் திருடு போனால் மீட்க ஒரு கை வேண்டும். போர்ட்ஃபோலியோவில் முழு அதிகாரம் உள்ள ஒரே ஆளாக இருப்பவரால் அதைவிட்டு விலகவும் முடியாது.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது அண்ணன் தங்கைக்குள்ளும் நல்லதே. பக்கத்தின் பெயர் மாறக்கூடியது; அதன் எண் மாறாது. ஆகவே பக்கத்தின் எண், விளம்பரக் கணக்கின் எண், போர்ட்ஃபோலியோவின் எண், இன்ஸ்டாகிராம் பெயர், ஒப்படைத்த தேதி, அன்றைய பாக்கி, அதை யார் கட்டினார் என்பவற்றை எழுதினால் போதும்.

பக்கம் வேறொருவரின் போர்ட்ஃபோலியோவில் இருந்தால்

சில கடைகளில் பக்கத்தையும் விளம்பரத்தையும் வெளியாள் ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறார். வசதிக்காக அவர் எல்லாவற்றையும் தன் நிறுவனத்தின் போர்ட்ஃபோலியோவுக்குள் போட்டுக்கொண்டிருப்பார். கெட்ட எண்ணம் இல்லாமல்கூட இது நடக்கும். ஆனால் அந்த நிலையில் முதலாளி உரிமையாளரே அல்ல; வெளியாள் கொடுத்த அனுமதியில் உள்ளே இருப்பவர் மட்டுமே. விலகப்போகும் முதலாளி, தன்னிடம் இல்லாத ஒன்றை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

பக்கத்தை மீட்பது கடினமல்ல. வெளியாள் தன் போர்ட்ஃபோலியோவிலிருந்து பக்கத்தை நீக்க, புதிய உரிமையாளர் தன்னுடையதில் சேர்த்துக்கொள்ளலாம். நீக்குவதற்கு முன், பக்கத்தில் நேரடியாக முழு அதிகாரம் கொண்ட மனிதர் ஒருவராவது இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் நடுத்தெருவில் நிற்கும். விளம்பரக் கணக்கு அப்படி வராது. முன்பே சொன்னபடி, அது அந்தப் போர்ட்ஃபோலியோவை விட்டு வெளியே போகாது. அறிக்கைகளைத் தரவிறக்கிக்கொண்டு புதிய கணக்கு தொடங்குவதே வழி. வெளியாளோடு நல்லுறவு இருந்தால், மாறும் காலத்தில் பழைய கணக்கைப் பங்காளர் என்ற முறையில் பகிரச் சொல்லலாம். இனி வெளியாள் யார் வந்தாலும் இதே பங்காளர் முறையில்தான் வர வேண்டும். உரிமை கடையிடம், வேலை அவரிடம்.

மனம் கசந்து விலகுகிறவர்கள் விஷயத்தில் காலம் இன்னும் முக்கியம். 2013 ஜனவரி 31 அன்று, திவால் நிர்வாகத்தில் இருந்த எச்எம்வி என்ற பிரிட்டன் இசைத்தட்டுக் கடை நிறுவனம் தன் ஊழியர்கள் பலரை ஒரே நாளில் நீக்கியது. அந்த நேரத்திலேயே நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கிலிருந்து அந்தப் பணிநீக்கம் நேரலையாக வெளியானது. ட்விட்டரை எப்படி மூடுவது என்று சந்தைப்படுத்தல் இயக்குநர் கேட்டதாகவும் அதே கணக்கில் ஒரு பதிவு வந்தது. ஆளை அனுப்பும் பேச்சுக்கு முன், கணக்கில் வேறு யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்று பார்த்துவைக்காததன் விலை அது.

உரிமையாளர் ஏற்கெனவே போய்விட்டால்

ஒரே அட்மின் போய்விட்டார், தொடர்புக்கும் வரவில்லை என்றால் மெட்டாவின் உதவிப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியதுதான். அடையாள அட்டை, கடையின் பதிவு ஆவணங்கள், விண்ணப்பிப்பவருக்கும் கடைக்கும் உள்ள தொடர்பு, கேட்பது உண்மை என்ற கையெழுத்திட்ட அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கடை உரிமம், ஜிஎஸ்டி சான்று, பங்குதாரர் ஒப்பந்தம் எதிலாவது பக்கத்தின் பெயரும் கடையின் பெயரும் ஒன்றாக இருந்தால் வாய்ப்பு அதிகம். ஆனாலும் கிடைத்தே தீரும் என்று எண்ணக் கூடாது. இதற்காக வாட்ஸ்அப்பில் பணம் வாங்கிக்கொண்டு பக்கத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஆட்கள் மோசடிக்காரர்கள். அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

உரிமையாளர் இறந்துபோகும் வீடுகளில் நடப்பது இன்னும் வேதனையானது. அப்பாவின் நினைவாக அவருடைய பேஸ்புக் ஐடியை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லிப் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். அன்பினால் செய்வது. ஆனால் நினைவுக் கணக்காக மாறிய ஐடி ஒரு பக்கத்துக்கு ஒரே அட்மினாக இருந்தால், அந்தப் பக்கத்தை பேஸ்புக் நீக்கிவிடும் என்பது அதன் விதி. பல வருடம் சேர்த்த வாடிக்கையாளர்களும் படங்களும் விமர்சனங்களும் அதோடு போய்விடும். கடை நடத்துகிற ஒவ்வொருவரும் இன்றைக்கே `Page access` பட்டியலைத் திறந்து பாருங்கள். முழு அதிகாரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால், வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரை இந்த வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்க்காத ஒருவர் இறந்துவிட்டால், அவர் குடும்பம் நினைவுக் கணக்குக்கு விண்ணப்பிக்கும் முன் கடைப் பக்கத்துக்கு வேறு அட்மின் இருக்கிறாரா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.